ஆறு பக்கக் குறிப்பும் ஒரு நேரான ஓடையும்

வாழைச்சேனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரத் தேத்தண்ணி நேரம். அக்காவின் மகன் தான் செய்துகொண்டிருக்கும் கேமைப் போனில் திறந்து என் கையில் தந்தான். வாவியில் தோணி வலித்துப்போய் வலை வீசி மீன் பிடிக்கிற விளையாட்டு. கண்டல் மரங்களின் வேரும், தண்ணீரில் விழும் அவற்றின் நிழலும் அவ்வளவு கவனமாக வரையப்பட்டிருந்தன. ஆனால் தோணியைத் தொடுவதற்கு முன்னால் ஆறு பக்கம் எழுத்தைக் கடக்க வேண்டியிருந்தது. தட்டினால் துடுப்பு, இடப்பக்கம் தட்டினால் இப்படி, வலப்பக்கம் தட்டினால் அப்படி, அழுத்திப் பிடித்தால் வலை என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தான்.

"ஒருத்தரும் வாசிக்கிறாங்க இல்ல மாமா. 'அடுத்து' எண்டு இருக்கிறத தட்டித் தட்டி ஓடிருவாங்க. பிறகு தோணி ஏன் திரும்புதில்ல எண்டு என்னட்டயே கேக்காங்க" என்றான்.

அவர்களில் பிழை இல்லை. ஒரு அறிவுறுத்தல் மனதில் தங்க வேண்டுமென்றால், அது தேவைப்படுகிற நேரத்தில் வரவேண்டும். வலை என்ற ஒன்றையே இன்னும் கண்ணால் காணாதவனிடம், வலையை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று சொன்னால் அந்தச் சொல் ஒட்டிக்கொள்ள அவனுக்குள் இடமே இல்லை. ஆறாவது பக்கத்துக்கு வரும்போது முதல் பக்கம் போய்விடும். இதை எழுத்தைச் சுருக்கித் தீர்க்க முடியாது. சொல்ல வேண்டியதை இடத்தின் அமைப்பே சொல்ல வேண்டும். அது எப்படி நடக்கும் என்று காட்ட நாற்பது வருடம் பழைய ஒரு கட்டத்தை எடுத்தேன். இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்கு இன்றும் கிடைக்கவில்லை.

1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ். ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி டெசுக்காவும் வடிவமைத்தது. அதன் முதல் கட்டத்தை 1-1 என்று சொல்வார்கள். அதில் எப்படி விளையாடுவது என்று ஒரு வரிகூடத் திரையில் வராது.

ஆரம்பத்தில் திரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மாரியோ இடப்பக்க ஓரத்தில், வலப்பக்கம் பார்த்தபடி நிற்கிறான். வலப்பக்கம் முழுக்க வெறுமை. எதிரி இல்லை, பள்ளம் இல்லை. இடப்பக்கம் போக முயன்றால் திரையின் விளிம்பு தடுக்கும். ஆகவே பிள்ளை தானாகவே வலப்பக்கம் நடக்கிறது, காட்சியும் கூடவே நகர்கிறது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் இங்கே தண்டனை கிடையாது. A பட்டன் தற்செயலாகப் பட்டால் மாரியோ குதிப்பான். நடப்பதும் குதிப்பதும் தெரிந்துவிட்டது. உண்மையில் இந்தக் கட்டத்துக்கு அவ்வளவுதான் தேவை.

கொஞ்சம் நடந்ததும் மின்னுகிற கேள்விக்குறிப் பெட்டி ஒன்று தலைக்கு மேலே தொங்கும். அதே நேரம் முன்னாலிருந்து கூம்பா என்ற பழுப்பு நிறப் பிராணி மெதுவாக நடந்து வரும். பெட்டியும் கூம்பாவும் ஏறத்தாழ ஒரே இடத்தில் சேர வைத்திருப்பதுதான் நுட்பம். ஒன்றும் செய்யாமல் நின்றால் கூம்பா முட்டி மாரியோ செத்துப்போவான். அதனால் பெரிய நட்டம் இல்லை, தொடக்கத்துக்குத் திரும்பச் சில நொடி போதும். இரண்டாம் முறை பிள்ளை குதிக்கும். குதித்தால் ஒன்று கூம்பாவைத் தாண்டும், அல்லது அதன் தலையில் விழுந்து நசுக்கும், அல்லது பெட்டியில் தலை முட்டி நாணயம் வெளிவரும். மூன்றில் எது நடந்தாலும் பிள்ளை ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் தரை இறங்குகிறது.

இந்தக் கூம்பாவே தயாரிப்பின் பிற்பகுதியில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் இருந்த எதிரி ஆமை. ஆமையை மிதித்தால் அது ஓட்டுக்குள் ஒடுங்கும். அந்த ஓட்டை உதைத்தால் வழுக்கிப் போகும், போய்த் திரும்பி வந்து நம்மையே அடிக்கும். முதன்முதலில் குதிக்கப் பழகுகிறவனுக்கு இது மிக அதிகம். ஒரு மிதி, ஒரு விளைவு என்று முடிகிற எதிரி வேண்டும் என்பதற்காகவே கூம்பா வந்தது. முதல் கட்டங்களைக் கடைசியில்தான் செய்வோம் என்று மியாமோட்டோவும் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. கேமில் மொத்தமாக என்னென்ன வரப்போகிறது என்று தெரிந்த பிறகுதானே முதல் கட்டத்தில் எதைச் சொல்லிக் கொடுப்பது என்று தீர்மானிக்க முடியும்? மருமகன் முதல் கட்டத்தை முதலில் செய்துவிட்டு, பிறகு சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டே போயிருந்தான். ஆறு பக்கம் வந்தது அப்படித்தான்.

நான் திரும்பத் திரும்ப வியக்கிற இடம் காளான். அடுத்து ஐந்து கட்டைகள் வரிசையாகத் தொங்கும். செங்கல், கேள்விக்குறி, செங்கல், கேள்விக்குறி, செங்கல். முதல் கேள்விக்குறியை முட்டினால் காளான் வெளிவரும். அதைத் தின்றால் மாரியோ பெரியவனாவான். ஆனால் காளானின் உருவம் கூம்பாவைப் போலவே இருக்கும். இப்போதுதான் ஒரு கூம்பாவால் செத்த பிள்ளை இதைத் தொடுமா? தொடாது, விலகத்தான் பார்க்கும். "இது நல்லது, எடுங்கள்" என்று எழுதிவிடலாம். அவர்கள் எழுதவில்லை. காளான் வலப்பக்கம் வழுக்கிப்போய்க் கீழே விழுந்து, அங்கே நிற்கும் பச்சைக் குழாயில் முட்டித் திரும்பி மாரியோவை நோக்கியே வரும். பிள்ளை பயந்து குதிக்கும். தலைக்கு மேலே இருக்கிற கட்டை வரிசை தாழ்வு, அதில் முட்டிக் கீழே விழும், பெரும்பாலும் காளான் மேலேயே. திடீரென்று மாரியோ வளர்ந்துவிடுவான். பயந்த பொருள் நன்மை செய்தது என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. அந்தக் குழாய் நிற்கும் இடம், கட்டைகளின் உயரம், காளான் போகும் திசை மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது.

பிறகு குழாய்கள். முதலாவது இரண்டு கட்டை உயரம், அடுத்தது மூன்று, அதற்கடுத்தது நான்கு. A பட்டனைச் சும்மா தட்டினால் சிறு குதிப்பு, பிடித்துக்கொண்டிருந்தால் உயரக் குதிப்பு. இந்த வேறுபாட்டைச் சொல்லில் விளக்குவது கடினம், ஏனென்றால் அது விரலுக்குத் தெரிய வேண்டிய விடயம். நான்கு கட்டைக் குழாயை வெறும் தட்டலால் ஏற முடியாது. பிள்ளை முட்டும், விழும், மறுபடி குதிக்கும், எப்போதோ பட்டனைக் கொஞ்சம் கூட நேரம் பிடித்துவிடும். குழாயின் உச்சியில் நிற்கும்போது பாடம் முடிந்துவிட்டது. இதற்கிடையில் இரண்டாம் குழாய்க்கும் மூன்றாம் குழாய்க்கும் நடுவில் ஒரு கூம்பா, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் இரண்டு. பழைய பாடம் மறக்காமலிருக்கவும், கொஞ்சம் கூடவே கேட்கவும்.

கட்டத்தின் கடைசிப் பகுதியில் இரட்டைப் படிக்கட்டு வரும். ஏறிப்போய் உச்சியிலிருந்து எதிர்ப் படிக்கட்டின் உச்சிக்குத் தாவ வேண்டும். நடுவில் இரண்டு கட்டை அகல இடைவெளி, கீழே தரை. தவறி விழுந்தால் ஒன்றும் ஆகாது, மறுபடி ஏறலாம். கொஞ்சம் தள்ளி அதே போன்ற இன்னொரு இரட்டைப் படிக்கட்டு, நடுவில் அதே அகலம். இந்த முறை கீழே தரை இல்லை, விழுந்தால் சாவு. மருமகனிடம் இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முதலில் பயமில்லாத ஒத்திகை, பிறகு அதே செயல், மாறுவது விலை மட்டும்.

1-1 எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். B பட்டனைப் பிடித்தால் மாரியோ ஓடுவான். அதை இந்தக் கட்டம் கற்பிக்கவே இல்லை, ஓடாமலே முடித்துவிடலாம். நான்காவது குழாயின் மேல் நின்று கீழ்ப்பக்கம் அழுத்தினால் நிலத்தடி அறைக்குப் போகலாம். அதற்கும் அறிகுறி எதுவும் இல்லை. இவை அச்சிட்ட கையேட்டுக்கும் கூட்டாளிமாரின் வாய்ப்பேச்சுக்கும் விடப்பட்டன. ஆக, கேமை முடிக்க எது இல்லாமல் முடியாதோ அதை இடத்தின் அமைப்பால் கற்பிப்பது, இல்லாமலும் சமாளிக்கக்கூடியதை விட்டுவிடுவது என்ற தெரிவு அங்கே நடந்திருக்கிறது. எல்லாவற்றையும் முதல் கட்டத்தில் திணித்தால் அதுவும் ஒரு ஆறு பக்கக் குறிப்புத்தான்.

"அது பட்டன் மாமா. போன்ல பட்டன் எங்க இருக்கு?" என்றான் மருமகன்.

நல்ல கேள்வி. கையில் இரண்டு பட்டன் இருந்தால், தெரியாதவனும் இரண்டையும் அழுத்திப் பார்ப்பான். கண்ணாடித் திரையில் எங்கே தொடுவது, தட்டுவதா, இழுப்பதா, பிடிப்பதா என்று எந்த அடையாளமும் இல்லை. அதனால் போனில் முதல் திரையின் வேலை இன்னும் எளியதாக இருக்க வேண்டும். எங்கே தொட்டாலும் சரியாக வேண்டும். நாங்கள் இருவரும் அவனுடைய கொப்பியில் வரைந்து பார்த்தது இப்படி.

முதல் திரையில் இரண்டு பக்கமும் கண்டல் நெருங்கிய நேரான ஓடை. தோணியின் முனை வலப்பக்கம் பார்த்திருக்கிறது. திரையில் எந்த இடத்தைத் தொட்டாலும் துடுப்பு ஒருமுறை தண்ணீரில் விழும், தோணி ஒரு முழம் நகரும், விரல் பட்ட இடத்தில் அலைவட்டம் எழும். திரும்ப வேண்டிய தேவை இல்லாததால் இடம் வலம் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். தொடாமல் இருந்தால் வற்று நீர் தோணியை மெல்லப் பின்னால் இழுத்துக் கரையில் சாத்தும். அதனால் கெடுதி இல்லை, ஆனால் சும்மா இருந்தால் முன்னேறாது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, திரும்புதல். இங்கேதான் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. மருமகன் இடப்பக்கம் தட்டினால் இடப்பக்கம் திரும்பும் என்று செய்திருந்தான். பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன், தகப்பனோடு தோணியில் போய்ப் பழகியவன், திரும்ப வேண்டிய இடத்தில் எல்லாம் எதிர்ப்பக்கம் தட்டிக் கரையில் மோதிக்கொண்டிருந்தான். அவன் செய்தது சரிதான். உண்மையான தோணியில் இடப்பக்கம் துடுப்புப் போட்டால் முனை வலப்பக்கம்தான் போகும். தோணியே தொட்டிராத பிள்ளைக்கு விரல் காட்டும் திசையே போகும் திசை. ஒரே திரை, இரண்டு பேருக்கு இரண்டு பொருள். விளையாட வருகிறவர் எதைத் தெரிந்துகொண்டு வருகிறார் என்பது வடிவமைப்பில் பாதி என்று நான் நினைப்பது இதனால்தான்.

2023 ஜூலையில் வெளிவந்த வெண்பா என்ற கேமிலும் இதைக் காணலாம். டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை, சமையலே புதிர். அம்மாவின் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்க, விடுபட்டதை விளையாடுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் வருவது இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் போகும் என்பது, வீட்டில் இட்லிப் பானையைத் திறந்து பார்த்து வளர்ந்தவருக்குக் கைப்பழக்கம். பார்த்திராதவருக்கு அது உண்மையான புதிர். பிழைத்தாலும் மறுபடி செய்து பார்க்கலாம் என்பதால் இரண்டு வகையினரும் ஒரே கட்டத்தைக் கடக்க முடிகிறது.

நாங்களும் அந்த வழியையே எடுத்தோம். துடுப்பைப் பெரிதாக வரைந்து, இடப்பக்கம் தட்டினால் துடுப்பு இடப்பக்கத் தண்ணீரில் விழுவது நன்றாகத் தெரியும்படி செய்தோம். தோணி உண்மைத் தோணி போலவே எதிர்ப்பக்கம் திரும்பும். நேரான ஓடை முடிந்ததும் அகன்ற வாவி, சுற்றிக்கொண்டே இருக்கலாம், மோத எதுவும் இல்லை. வெளியேறும் வாயில் ஒரு பக்கமாக இருக்கும், திரும்பத் தெரியாமல் அதற்குள் போக முடியாது. அதைக் கடந்த பிறகுதான் வளைந்த ஓடை.

மூன்றாவது வலை. விரலை அழுத்திப் பிடிக்கப் பிடிக்கத் தண்ணீரில் ஒரு நிழல்வட்டம் தோணியிலிருந்து விலகிப்போகும், விட்டால் வலை அங்கே விழும். முதல் மீன்கூட்டம் தோணியை ஒட்டி, வெறும் தட்டலே போதும். அடுத்தது கொஞ்சம் தள்ளி, மூன்றாவது வலை எட்டும் கடைசித் தூரத்தில். மாரியோவின் மூன்று குழாயை அப்படியே தண்ணீரில் படுக்கவைத்தது இது. அதன் பிறகுதான் தோணியைத் தள்ளுகிற காற்று வரும், அதுவும் அகன்ற இடத்தில் முதலில், ஒடுங்கிய இடத்தில் பிறகு.

ஒரு நேரத்தில் ஒன்று என்ற இந்த ஒழுங்குக்கு வால்வ் நிறுவனம் 2007இல் வெளியிட்ட போர்ட்டலும் நல்ல சான்று. இரண்டு நிற வாயில்களைச் சுவரில் திறந்து ஒன்றுக்குள் போய் மற்றதால் வெளியே வருவதுதான் அந்தக் கேம். அதில் முதல் அறைகளில் வாயில்கள் தாமாகவே திறக்கும், நீங்கள் நடந்தால் போதும். பிறகு கையில் வரும் துப்பாக்கி ஒரு நிறத்தை மட்டும் திறக்கும், மற்றதை அறையே திறந்து வைத்திருக்கும். இரண்டு நிறமும் உங்கள் கைக்கு வருவது பத்தொன்பது சோதனை அறைகளில் பாதியைத் தாண்டிய பிறகு. அதற்குள் வாயில் என்றால் என்ன என்பது மனதில் ஊறியிருக்கும்.

இப்படிச் செய்தது வேலை செய்கிறதா என்று அறிய ஒரே வழி, புதியவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது. செய்தவனுக்கு இது மிகக் கடினம். மருமகன் ஒவ்வொரு தடவையும் "இல்ல, அங்க தட்டு" என்று சொல்லிவிடுவான். சொன்ன அந்த இடத்தில்தான் கட்டம் பேசவில்லை என்று பொருள். அதை அவன் எழுதிக்கொள்ள வேண்டும். திரையைப் பார்ப்பதைவிட விரலைப் பாருங்கள். ஒருவர் ஒரே இடத்தில் பலமுறை தோற்றாலும், ஒவ்வொரு முறையும் வேறு விதமாக முயன்றால் அவர் கற்றுக்கொண்டிருக்கிறார், விட்டுவிடலாம். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து தோற்றால், இன்னொரு வழி இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. அப்போது மாற்ற வேண்டியது இடத்தைத்தான்.

இதைவிட ஏமாற்றுவது வெற்றி. கண்டபடி தட்டியே ஒருவர் வாயிலுக்குள் புகுந்துவிடலாம். பார்ப்பவருக்குக் கற்றுவிட்டார் போலத் தெரியும். அதனால் அதே செயலைக் கொஞ்சம் தள்ளி, வேறு காட்சியில், இன்னொரு முறை கேட்க வேண்டும். அங்கேயும் தயங்காமல் செய்தால் கற்றது உண்மை. முதல் வாயிலைச் சுலபமாகக் கடந்து இரண்டாவதில் அத்தனை பேரும் சிக்கினால், பழுது பெரும்பாலும் முதலாவதில்தான் இருக்கும். அது கேட்க வேண்டியதைக் கேட்காமலே ஆட்களை உள்ளே விட்டுவிட்டது.

எழுத்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2009இல் வந்த பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ் கேமைச் செய்த ஜார்ஜ் ஃபேன், ஒரு நேரத்தில் திரையில் எட்டுச் சொல்லுக்கு மேல் வரக்கூடாது என்று தனக்கு எல்லை வைத்திருந்தார். கேம் விளையாடிப் பழக்கமில்லாத தன் அம்மாவும் விளையாட வேண்டும் என்பது அவருடைய அளவுகோல். அந்தக் கேமின் முதல் கட்டத்தில் ஐந்து வரிசைப் புல்லில் நடு வரிசை மட்டும்தான் இருக்கும், மற்ற இடமெல்லாம் வெறும் மண். எந்த வரிசையில் நடுவது என்ற கேள்வியே எழாது. எட்டுச் சொல் போதுமானதாக இருந்ததற்கு அந்த மண்தான் காரணம்.

மருமகனின் கேமில் ஒரே ஒரு வரியை விட்டுவைத்தோம். மூன்றாவது மீன்கூட்டத்துக்கு முன்னால், வெறும் தட்டல் பல முறை தவறிய பிறகு மட்டும், "பிடித்து விடுங்கள்" என்று தோணிக்குப் பக்கத்தில் தோன்றும். தானாகக் கண்டுபிடிப்பவர் அதைக் காணவே மாட்டார். அழுத்திப் பிடிப்பது மட்டும் கண்ணாடித் திரையில் தற்செயலாக நடப்பது குறைவு, அதனால் இந்த விலக்கு.

அந்த ஆறு பக்கத்தையும் அழிக்கப் போனவனை நான்தான் தடுத்தேன். இடைநிறுத்தப் பட்டனுக்குள் அவற்றைச் சுருக்கி வைத்திருக்கிறோம், ஒவ்வொரு செயலுக்கும் ஒரு சின்னப் படமும் ஒரு வரியும். ஏனென்றால் முதல் கட்டம் முதல் நாளைக்கு மட்டும்தான் உதவும். பரீட்சைக் காலத்தில் கேமை மூடிவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் பதினோராம் கட்டத்தில் மறுபடி திறக்கிற பிள்ளைக்கு வலையை எப்படி வீசுவது என்று மறந்திருக்கும், அகன்ற வாவியும் நேரான ஓடையும் எப்போதோ பின்னால் போயிருக்கும். இப்போது அவன் பார்த்துக்கொண்டிருப்பது, நீண்ட நாள் கழித்துத் திறப்பவரை முதலில் ஒரு அமைதியான தண்ணீர்ப் பரப்பில் ஒற்றை மீன்கூட்டத்தோடு விட்டு, பிறகு விட்ட கட்டத்துக்குக் கூட்டிப்போகலாமா என்பதை.